வீட்டுக் கடனில் ஏறும் 1,20,000 ரூபாய் பிரீமியம்: தவணையும் மொத்தச் செலவும்

*ஐயா, எனக்கு 36 வயது. தனியார் வேலை. வீடு கட்ட 30 லட்சம் கடன் கேட்டேன், 20 வருடம், வட்டி 8.5%, மாறும் வட்டி. சாங்ஷன் லெட்டரில் 31,20,000 என்று வந்திருக்கிறது. கேட்டால், கடனுக்கான இன்ஷூரன்ஸ் பிரீமியம் 1,20,000 ரூபாயை அசலில் சேர்த்திருக்கிறோம், நீங்கள் கையிலிருந்து எதுவும் கட்ட வேண்டாம், தவணை ஆயிரம் ரூபாய்தான் கூடும் என்கிறார்கள். தவணை கூட வேண்டாம் என்றால் காலத்தைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாமாம். நான் ஏழெட்டு வருடத்தில் கடனை அடைத்துவிட நினைக்கிறேன். ஆன்லைனில் பார்த்தபோது 40 லட்சத்துக்கு 20 வருட டெர்ம் பாலிசி வருடம் 7,500 ரூபாய் என்று காட்டியது. மனைவியும் கடனில் இணை விண்ணப்பதாரர். அடுத்த வாரம் பணம் விடுவிக்கப் போகிறார்கள். இதை ஏற்கலாமா? உண்மையில் எனக்கு எவ்வளவு செலவாகும்?*

*— வாசகர், நாமக்கல்*

அன்புள்ள நண்பருக்கு,

பணம் இன்னும் விடுவிக்கப்படவில்லை என்பது நல்ல விஷயம். இப்போது ஒரு கடிதத்தில் முடியும் வேலை, பணம் வந்த பிறகு பல நடையாகிவிடும்.

வங்கி உங்களுக்கு ஒரு கடன் தருகிறது என்று நினைக்காதீர்கள். இரண்டு கடன் தருகிறது. ஒன்று வீட்டுக்கு 30 லட்சம். மற்றொன்று இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்கு 1,20,000 ரூபாய். இரண்டாவது பணம் உங்கள் கைக்கு வராது. வங்கியிலிருந்து நேரே காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும். ஆனால் அதன் வட்டி விகிதமும் காலமும் வீட்டுக் கடனுடையவையே. இரண்டும் ஒரே தவணையில் கலந்து வருவதால்தான் அதன் செலவு கண்ணில் படுவதில்லை. நாம் அதைத் தனியே எடுத்து வைத்துப் பார்ப்போம்.

30 லட்சத்துக்கு 8.5% வட்டியில் 240 மாதத்துக்கு மாதத் தவணை 26,035 ரூபாய். 31.2 லட்சத்துக்கு 27,076 ரூபாய். வித்தியாசம் 1,041. ஆகவே "ஆயிரம் ரூபாய்தான் கூடும்" என்று அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த 1,041 ரூபாயை 240 முறை கட்ட வேண்டும். பெருக்கினால் ஏறக்குறைய 2,50,000 ரூபாய் வருகிறது. 1,20,000 ரூபாய் பிரீமியத்துக்கு 1,30,000 ரூபாய் வட்டி. பிரீமியத்தைவிட அதன் வட்டி அதிகம்.

வட்டி ஏன் இவ்வளவு ஏறுகிறது? முதல் மாதத்தைப் பாருங்கள். 1,20,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 850 ரூபாய். நீங்கள் கட்டும் 1,041 ரூபாயில் 850 வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது 191 ரூபாய் மட்டும். ஓராண்டு முழுக்கக் கட்டினால் கையை விட்டுப் போவது சுமார் 12,500 ரூபாய். பிரீமியக் கடனில் குறைந்திருப்பது 2,400 ரூபாய்கூட இல்லை. நீண்ட காலக் கடன் எல்லாமே இப்படித்தான் தொடங்கும். வீட்டுக்காக அதை ஏற்றுக்கொள்கிறோம், ஏனென்றால் 30 லட்சத்தை மொத்தமாகப் புரட்ட நம்மில் பலருக்கு வழியில்லை. 1,20,000 ரூபாய்க்கும் அதே 20 வருடத்தை எடுத்துக்கொள்ள வேண்டுமா என்பதுதான் கேள்வி.

உங்கள் கணினியிலோ போனிலோ எக்செல் இருந்தால் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்:

```
=PMT(8.5%/12,240,-120000)
=NPER(8.5%/12,-26034.7,3120000)
=RATE(240,-27076,3000000)*12
```

முதல் வரி 1,041 என்று காட்டும். மற்ற இரண்டு வரிகளுக்கும் வருகிறேன். உங்கள் சாங்ஷன் லெட்டரில் வட்டியோ காலமோ சற்று மாறியிருந்தால் அந்த எண்களைப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது வரி, "தவணையைக் கூட்டாமல் காலத்தை நீட்டிக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கானது. எனக்கு உண்மையிலேயே கவலை தந்தது இதுதான். 31.2 லட்சம் கடனுக்கு 26,035 ரூபாயே கட்டினால் கடன் முடிய 268 மாதம் ஆகும். "கொஞ்சம்" என்று சொன்னது 28 மாதம், அதாவது இரண்டே கால் வருடத்துக்கும் மேல். அந்தக் கடைசி மாதங்களில் நீங்கள் கூடுதலாகக் கட்டும் தொகை சுமார் 7,20,000 ரூபாய். ஆம், 1,20,000 ரூபாய் பிரீமியத்துக்கு.

இது எப்படி என்று முதலில் யாருக்கும் நம்பிக்கை வராது. நடப்பது இதுதான். 26,035 ரூபாய் என்பது 30 லட்சத்தை 20 ஆண்டில் அடைப்பதற்குச் சரியாகப் போதும். அதில் ஒரு பைசாகூட பிரீமியத்துக்கு மிச்சமில்லை. ஆக, பிரீமியக் கடனுக்கு 20 ஆண்டும் நீங்கள் எதுவும் கட்டவில்லை என்றே பொருள். வட்டி அதன் தலையிலேயே ஏறி, அந்த வட்டிக்கும் வட்டி ஏறி, 240-ஆம் மாத முடிவில் 1,20,000 ரூபாய் சுமார் 6,53,000 ரூபாயாக நிற்கும். அதை அடைக்கத்தான் அந்த 28 மாதம். உங்களுக்கு அப்போது 56 வயது முடிந்திருக்கும். தனியார் வேலையில் இருப்பவருக்கு அந்த வயதில் இரண்டே கால் வருடத் தவணை என்பது சாதாரண விஷயமில்லை. எந்த முடிவுக்கு வந்தாலும் சரி, காலத்தை நீட்டும் வழிக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

இன்னொரு விதமும் உண்டு, உங்களுக்கு அது நடக்கவில்லை, ஆனாலும் தெரிந்திருக்கட்டும். சில இடங்களில் கடன் 30 லட்சம் என்றே இருக்கும்; பணம் விடுவிக்கும்போது பிரீமியத்தைப் பிடித்துக்கொண்டு 28,80,000 தருவார்கள். தவணை மாறியிருக்காது, அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. கட்டுமானத்தின் நடுவில் 1,20,000 குறைகிறதே என்று தெரியும்போது அதற்கு வேறு கடன் தேட வேண்டியிருக்கும். வேறு சிலர் பிரீமியத்துக்குத் தனிக் கடன் கணக்கே திறப்பார்கள். அதன் வட்டியும் காலமும் வீட்டுக் கடனிலிருந்து வேறாக இருக்கலாம். உங்கள் லெட்டரில் ஒரு கடன் கணக்கு எண் இருக்கிறதா, இரண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வரிக்கு வருவோம். உங்கள் வேலைக்குப் பயன்படுவது 30 லட்சம். அதற்கு நீங்கள் மாதம் 27,076 ரூபாய் கட்டுகிறீர்கள். அப்படியானால் 30 லட்சத்துக்கு உண்மையான வட்டி எவ்வளவு? சுமார் 9.04%. பேப்பரில் 8.5%, நடப்பில் ஏறக்குறைய அரை சதவீதம் அதிகம். கடன் வாங்கும்போது 8.75%-லிருந்து 8.5%-க்குக் குறைக்கச் சொல்லி நாம் எத்தனை கிளைகளுக்கு ஏறி இறங்குகிறோம்! அந்தக் கால் சதவீதத்தால் 30 லட்சத்தில் மிச்சமாவது மாதம் 477 ரூபாய். பிரீமியம் அசலில் ஏறியதில் கூடுவது 1,041 ரூபாய். பேரம் பேசி வாங்கியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல், பேரமே பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

இந்த உண்மை விகிதத்தை வங்கியே உங்களுக்கு எழுதிக் காட்ட வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் ஒப்புதலாகும் கடன்களுக்கு "கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்" என்ற விவரத் தாளைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. சுருக்கமாகக் கேஎஃப்எஸ். கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். அதில் ஏபிஆர் என்று ஓர் ஆண்டு விகிதம் இருக்கும். வட்டியோடு, வங்கி மற்றவர்களுக்காக வசூலிக்கும் இன்ஷூரன்ஸ், சட்டக் கட்டணம் போன்றவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட விகிதம் அது. உங்கள் தாளை எடுத்து அந்த ஒரு எண்ணைப் பாருங்கள். இன்ஷூரன்ஸைச் சேர்த்திருந்தால் அது 9.04%-க்குக் கீழே இருக்க முடியாது. செயலாக்கக் கட்டணமும் சேர்ந்து இன்னும் சற்று மேலேதான் இருக்கும். 8.5-ஐ ஒட்டி இருந்தால் பிரீமியத்தை அதில் கணக்கில் எடுக்கவில்லை என்று அர்த்தம், விளக்கம் கேட்கலாம். கேஎஃப்எஸ்ஸில் இல்லாத எந்தக் கட்டணத்தையும் உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் வசூலிக்கவும் முடியாது.

இப்போது நீங்கள் சொன்ன ஏழெட்டு வருடத் திட்டத்துக்கு வருகிறேன். இதில்தான் பலர் மனக்கணக்கில் தவறுகிறார்கள். சீக்கிரம் அடைத்துவிட்டால் அவ்வளவு வட்டி வராதே என்று தோன்றும். வட்டி குறையும், உண்மைதான். ஆனால் பிரீமியம் எங்கே போய்விடும்?

7 ஆண்டு முடிவில் கணக்கு இப்படி நிற்கும். பிரீமியத்துக்காக மட்டும் 84 தவணைகளில் நீங்கள் கட்டியது சுமார் 87,500 ரூபாய். அந்த 1,20,000-இல் இன்னும் நிலுவை சுமார் 98,000 ரூபாய். கடனை அடைக்கும் நாளில் அதையும் சேர்த்துத்தான் அடைப்பீர்கள். ஆக 7 ஆண்டுக் காப்பீட்டுக்கு 1,85,000 ரூபாய்க்கு மேல். மாதத்துக்கு 2,200 ரூபாய் வருகிறது. நீங்கள் பார்த்த டெர்ம் பாலிசி மாதத்துக்கு 625 ரூபாய்தான்.

கடன் முடிந்த பிறகும் பாலிசி மிச்சக் காலத்துக்கு இருக்குமே என்று கேட்கலாம். வங்கி வழியாக வருவது பெரும்பாலும் குழுப் பாலிசி. முதன்மைப் பாலிசி வங்கியின் பெயரில், உங்களுக்கு அதில் ஓர் உறுப்பினர் சான்றிதழ். கடனை முன்பே அடைத்தால் இரண்டு வழி இருக்கும். காப்பீட்டை மட்டும் மீதிக் காலத்துக்குத் தொடரலாம், அல்லது சரண்டர் செய்து ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். எவ்வளவு திரும்பும் என்பதற்கான சூத்திரம் சான்றிதழிலேயே இருக்கும். மீதியிருக்கும் காலம், குறைந்துவிட்ட காப்புத் தொகை இரண்டும் அதில் வருவதால், 20-இல் 13 ஆண்டு பாக்கி இருக்கிறதே, மூன்றில் இரண்டு பங்கு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதைவிடக் கணிசமாகக் குறைவாகவே வரும். இன்னொன்று: இந்தப் பணம் தானாக வராது. நாம் எழுதிக் கேட்க வேண்டும். கடனை அடைத்துப் பத்திரத்தை வாங்கிய மகிழ்ச்சியில் இந்தச் சான்றிதழை மறந்துவிட்டவர்கள் ஏராளம். வட்டி குறைவு என்று வேறு வங்கிக்குக் கடனை மாற்றுபவர்களும் இதையே மறக்கிறார்கள். புது வங்கியில் புதுப் பிரீமியமும் அசலில் ஏறிவிடுகிறது.

சரி, அப்படியானால் காப்பீடே வேண்டாமா? கட்டாயம் வேண்டும். 36 வயதில், 30 லட்சம் கடனோடு, காப்பீடு இல்லாமல் இருக்காதீர்கள். எந்தக் காப்பீடு, அதற்குப் பணம் எப்படிக் கொடுப்பது என்பதில்தான் உங்களுக்குத் தேர்வு இருக்கிறது.

டெர்ம் பாலிசியோடு ஒப்பிடும்போது, 2,50,000 ரூபாயையும் 7,500 ரூபாயையும் பக்கத்தில் வைத்துக் குழம்பாதீர்கள். இரண்டையும் மாதக் கணக்காக்குங்கள். வங்கி வழி மாதம் 1,041 ரூபாய், 20 ஆண்டுக்கு. டெர்ம் பாலிசி மாதம் 625 ரூபாய், அதே 20 ஆண்டுக்கு, மொத்தம் 1,50,000. ரூபாயில் இந்த வித்தியாசம் இருக்க, கிடைப்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. கடன் காப்பீட்டில் காப்புத் தொகை ஆண்டுதோறும் கடனோடு சேர்ந்து இறங்கும். 10 ஆண்டில் பாதியை நெருங்காவிட்டாலும் முக்கால் பங்குக்கும் கீழே வந்திருக்கும். கடைசி ஆண்டுகளில் சொற்பம். டெர்ம் பாலிசியில் 40 லட்சம் கடைசி நாள் வரை 40 லட்சம்தான். பணம் வங்கிக்குப் போகாது, உங்கள் நாமினிக்கு வரும். கடனை அடைப்பதா, தவணையைத் தொடர்ந்து கட்டிக்கொண்டு பிள்ளைகளின் படிப்புக்கு வைத்துக்கொள்வதா என்று உங்கள் மனைவி முடிவெடுக்கலாம். ஏழெட்டு ஆண்டில் கடன் முடிந்தால் டெர்ம் பாலிசியை நிறுத்திவிடலாம், அதன் பிறகு ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். அல்லது குடும்பத்துக்காகத் தொடரலாம்.

ஜிஎஸ்டியையும் பார்த்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. உங்களுக்கு வங்கி தந்திருப்பது குழுப் பாலிசியானால், அந்த 1,20,000-இல் வரி எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த வரிக்கும் சேர்த்துத்தான் 20 ஆண்டு வட்டி கட்டப்போகிறீர்கள்.

இறங்கும் காப்புத் தொகையில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. எந்த ஆண்டில் எவ்வளவு என்று சான்றிதழில் ஓர் அட்டவணை இருக்கும். அது இன்றைய வட்டியையும் இன்றைய காலத்தையும் வைத்துப் போட்டது. உங்களுடையது மாறும் வட்டி. நாளை வட்டி ஏறினால் உங்கள் கடன் மெதுவாக இறங்கும். அட்டவணையோ பழைய வேகத்திலேயே இறங்கும். அப்போது ஏதாவது நேர்ந்தால் அட்டவணையில் உள்ள தொகைதான் வங்கிக்கு வரும், மீதிக் கடன் குடும்பத்தின் தலையில். கட்டாமல் விட்ட தவணைகளும் பொதுவாக அட்டவணைக்குள் அடங்காது. காப்பீட்டுக் காலத்தையும் பாருங்கள். கடன் 20 ஆண்டு இருக்க, காப்பீடு 10 அல்லது 15 ஆண்டுக்கே எடுத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். அப்படியானால் காப்பு முடிந்த பிறகும் நீங்கள் அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். உங்கள் மனைவி இணை விண்ணப்பதாரர் என்கிறீர்கள். அவர் சம்பளத்தையும் கணக்கில் எடுத்து 30 லட்சம் கொடுத்திருந்தால், காப்பீடு உங்கள் ஒருவர் உயிருக்கா, இருவருக்குமா என்று கேளுங்கள். டெர்ம் பாலிசி என்றாலும் அவருக்கும் ஒன்று எடுப்பதுதான் முறை.

வங்கிக் காப்பீடு யாருக்குமே உதவாது என்று நான் சொல்ல மாட்டேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயச் சிகிச்சை என்று ஏதாவது இருந்து டெர்ம் பாலிசி மறுக்கப்பட்டவருக்கோ, பிரீமியம் பல மடங்கு கேட்கப்பட்டவருக்கோ, குழுப் பாலிசி கிடைத்தால் அது பெரிய உதவி. அப்படிப்பட்டவர் அதை விடக் கூடாது. ஆனால் அதிலும் ஓர் உடல்நல உறுதிமொழிப் படிவம் உண்டு. கையெழுத்துப் போட வேண்டிய நாற்பது ஐம்பது தாள்களுக்கு நடுவே அது வரும். எல்லாக் கேள்விக்கும் "இல்லை" என்று முன்கூட்டியே டிக் அடித்து நீட்டுவார்கள். மாத்திரை சாப்பிடுபவர் அதில் கையெழுத்துப் போட்டால், தவணையோடு பிரீமியமும் கட்டி, கடைசியில் இழப்பீடு மறுக்கப்படும் நிலைக்குக் குடும்பம் வரும். பாலிசி தொடங்கிய 3 ஆண்டுக்குள் மரணம் நேர்ந்தால் இந்தத் தாளைத்தான் நிறுவனம் முதலில் எடுத்துப் பார்க்கும். நீங்கள் எந்தப் பாலிசி எடுத்தாலும் அந்தப் பக்கத்தை உங்கள் கையாலேயே நிரப்புங்கள்.

வங்கியிடம் என்ன சொல்ல வேண்டும்? "இன்ஷூரன்ஸ் கட்டாயம்" என்று வாயால் சொல்வார்கள்; எழுதித் தரச் சொன்னால் தர மாட்டார்கள். கடன் வாங்குபவர் ஆயுள் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதி எதுவும் இல்லை. அந்தப் படிவத்திலேயே "என் விருப்பத்தின் பேரில் எடுத்துக்கொள்கிறேன்" என்ற வரி அச்சாகியிருக்கும். கட்டடத்துக்கான தீ, வெள்ளக் காப்பீடு வேறு விஷயம். அது கடன் ஒப்பந்தத்தில் நிபந்தனையாக இருக்கலாம், பிரீமியமும் மிகக் குறைவு, அதை எதிர்க்க வேண்டாம். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லியிருந்தால் பிரித்துக் கேளுங்கள்.

டெர்ம் பாலிசி கைக்கு வந்ததும் கிளை மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இரண்டே வரி போதும்: கடனோடு சேர்த்த ஆயுள் காப்பீடு எனக்கு வேண்டாம், 30,00,000 ரூபாய்க்குத் திருத்திய சாங்ஷன் லெட்டரும் கேஎஃப்எஸ்ஸும் தாருங்கள். தனியே டெர்ம் பாலிசி எடுத்திருக்கிறேன், வேண்டுமானால் அதன் நகலைத் தருகிறேன் என்றும் சேர்த்துக்கொள்ளலாம். பல மேலாளர்கள் அதோடு விட்டுவிடுவார்கள். அதற்காக நாளைக்கே டெர்ம் பாலிசிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். மருத்துவப் பரிசோதனை கேட்டால் சில நாள் ஆகலாம். அந்தப் பாலிசி உங்கள் கைக்கு வந்து சேரும் முன் வங்கிக் காப்பீட்டைக் கைவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. ஒருவேளை நிறுவனம் உங்களை மறுத்தால், அப்போது வங்கியின் பாலிசிதான் உங்களுக்கு வழி. பணம் விடுவிப்பதை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லலாம். கட்டட வேலை அதைத் தாங்கும்.

வங்கிப் பாலிசியையே எடுக்க வேண்டி வந்தால், பிரீமியத்தை அசலில் ஏற்றாமல் கையிலிருந்து கட்டுங்கள். அப்போது செலவு 1,20,000-தான், தவணை 26,035-தான். கையில் இல்லை, அசலில்தான் ஏற்ற வேண்டும் என்றால், ஓராண்டுக்குள் போனஸோ சீட்டுப் பணமோ வந்ததும் அந்தப் பகுதியை அடைத்துவிடுங்கள். மாறும் வட்டி வீட்டுக் கடனைத் தனிநபர் முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. 12 மாத முடிவில் 1,17,600 ரூபாய் கட்டினால் பிரீமியக் கடன் முழுதும் தீரும். அதுவரை கட்டிய 12,500 ரூபாயையும் சேர்த்தால் மொத்தச் செலவு 1,30,000 ரூபாய். 20 ஆண்டு இழுத்திருந்தால் ஆகும் 2,50,000-க்கு இது ஏறக்குறைய பாதி. கட்டும்போது ஒன்று கவனியுங்கள்: நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் வங்கி தவணையை அப்படியே வைத்துக் காலத்தைக் குறைத்துவிடலாம். அது கெட்டதில்லை, வட்டி இன்னும் மிச்சமாகும். ஆனால் மாதச் சுமை குறைய வேண்டும் என்றால், "தவணையை 26,035-க்குக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

நீங்கள் ஏற்கெனவே காப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும், பாலிசி உங்கள் பெயருக்கு வந்துவிட்டாலும், கதவு மூடிவிடவில்லை. பாலிசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பித் தரலாம். இருந்த சில நாளுக்கான காப்புக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைத் தீர்வை ஆகியவற்றைக் கழித்து மீதியைத் தந்துவிடுவார்கள். விண்ணப்பத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கே நேரடியாக மின்னஞ்சலில் அனுப்பி, நகலை வங்கிக்குப் போடுங்கள்; கிளையில் கொடுத்தால் மேசையிலேயே 30 நாள் கடந்துவிடும் அபாயம் இருக்கிறது. திரும்பும் பணம் கடன் கணக்கில் வரவாகிவிட்டதா என்று கணக்கு அறிக்கையில் பாருங்கள். அசல் 30 லட்சத்தை ஒட்டி இறங்கியிருக்க வேண்டும்.

வங்கி மறுத்தாலோ, காப்பீடு இல்லாவிட்டால் கடனே இல்லை என்றாலோ, அந்தப் பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மனிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம், கட்டணம் இல்லை. பெரும்பாலும் அதுவரை போக வேண்டியிருக்காது. திருத்திய லெட்டர் வந்ததும் கடன் தொகை 30,00,000, தவணை 26,035, காலம் 240 மாதம் என்று மூன்றும் இருக்கிறதா, கேஎஃப்எஸ்ஸில் இன்ஷூரன்ஸ் என்ற வரிக்கு எதிரே எதுவும் மிச்சமில்லையா என்று மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.